முளைப்பாரி எந்தத் தெரு வழியாகக் கடலுக்குப் போகும்?

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே ஒரு கடலோர ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அம்மன் கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. இருட்டறையில் வைத்த முளைப்பாரிகள் வெயில் படாத வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு முழம் வளர்ந்து நிற்கின்றன. கடைசி நாள் மாலை ஆறு மணிக்குப் பெண்கள் அவற்றைத் தலையில் ஏந்தி, குலவையிட்டு, கொட்டு முழங்கக் கடைத்தெரு வழியாகக் கடலுக்குப் போய்க் கரைக்க வேண்டும். கோயிலிலிருந்து கடற்கரை 900 மீட்டர். கடைத்தெருவின் நடுவில் பள்ளிவாசல். போன ஆண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் ஏற்றிய வண்டி மஃரிப் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் முன்னே கால் மணி நேரம் நின்றுவிட்டது. தள்ளுமுள்ளு, இரண்டு பக்கமும் வழக்கு. இந்த ஆண்டு விண்ணப்பத்துக்குக் காவல் நிலையத்திலிருந்து ஒரே வரியில் பதில் வருகிறது: "சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளதால் ஊர்வலத்துக்கு அனுமதி மறுக்கப்படுகிறது."

ஊர் கற்பனைதான். ஆனால் இந்த ஒரு வரித் தாள் இந்தக் கடற்கரை நெடுகப் பழக்கமானது. ஒரு ஊரில் முளைப்பாரி, இன்னொரு ஊரில் சந்தனக்கூடு, மற்றொன்றில் அந்தோணியார் சப்பரம். தாள் மட்டும் மாறுவதில்லை.

தாளைக் கையில் வாங்கியதும் ஊரார் மனுவில் எழுதச் சொல்லும் முதல் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்: "முளைப்பாரி எங்கள் மதத்தின் இன்றியமையாத அங்கம், அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு அதைப் பாதுகாக்கிறது." இந்த வாக்கியத்தில்தான் பல வழக்குகள் தேவையில்லாமல் பள்ளத்தில் இறங்குகின்றன. ஏன் என்று பார்க்க, 'இன்றியமையாத மத வழக்கம்' என்ற சோதனை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

25ஆவது பிரிவில் 'இன்றியமையாத' என்ற சொல் கிடையாது. மனச்சாட்சி சுதந்திரமும், ஒரு மதத்தைத் தழுவவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமையும் எல்லோருக்கும் சமமாக உண்டு என்று அது சொல்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கும், அடிப்படை உரிமைகள் பகுதியின் மற்றப் பிரிவுகளுக்கும் அந்த உரிமையைக் கட்டுப்படுத்துகிறது. அடுத்த உட்பிரிவு, மதத்தோடு ஒட்டிய பொருளாதார, அரசியல், உலகியல் நடவடிக்கைகளை முறைப்படுத்தவும் சமூகச் சீர்திருத்தம் செய்யவும் அரசு சட்டம் போடலாம் என்கிறது. மதம் எது, மதத்தோடு ஒட்டிய உலகியல் எது என்று பிரிக்க வேண்டிய தேவை அங்கேதான் பிறந்தது.

அந்தப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் முதலில் செய்தது 1954இல், சிரூர் மடம் வழக்கில். மடம் உடுப்பியில். எதிர்க்கப்பட்டதோ சென்னை மாகாணத்தின் 1951ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டம். ஒரு மதத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே கண்டறிய வேண்டும் என்று நீதிபதி பி.கே. முகர்ஜியா எழுதினார். எந்த நேரத்தில் சுவாமிக்கு அமுது படைப்பது, எப்போது எந்தச் சடங்கைச் செய்வது என்று ஒரு மதம் விதித்தால் அவை மதத்தின் பாகமே. அவற்றுக்குப் பணம் செலவாகிறது என்பதற்காக அவை உலகியல் விஷயம் ஆகிவிடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. ஆக, பிறந்தபோது இந்தச் சோதனை மதத்தின் பக்கம் சாய்ந்து நின்ற ஒன்று. அரசின் கை எதுவரை நீளலாம் என்று கோடு போடவே அது வந்தது.

ஏழே ஆண்டில் திசை மாறியது. 1961இல் அஜ்மீர் தர்கா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர், மூடநம்பிக்கையிலிருந்து முளைத்து மதத்தின் மேல் ஒட்டிக்கொண்ட வழக்கங்களும் இருக்கலாம், அவற்றை நன்கு துருவிப் பார்க்க வேண்டும் என்றார். அன்று முதல் எது அசல், எது ஒட்டு என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு நீதிமன்றத்தின் கைக்கு வந்தது. மனுதாரர் தன் வழக்கத்தை அந்த மேசையில் வைத்து, "இது இல்லாவிட்டால் என் மதமே இல்லை" என்று நிரூபிக்க வேண்டிய நிலையும் கூடவே வந்தது.

அதை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு 1958ஆம் ஆண்டின் ஹனீஃப் குரேஷி வழக்கைப் படித்தால் போதும். பீகாரில் பசுவதைத் தடைச் சட்டம். பக்ரீத்தில் பசுவைக் குர்பானி கொடுப்பது மதக் கடமை என்று மனுதாரர்கள் சொன்னார்கள். தீர்ப்பு முதலில் கவனித்தது கையில் இருந்த சான்றை. மத விதிகளை எடுத்துரைக்கத் தகுதி பெற்ற ஒருவர்கூடப் பிரமாண வாக்குமூலம் தரவில்லை என்று அது குறிப்பிடுகிறது. பிறகு நீதிமன்றமே ஹிதாயா என்ற இஸ்லாமியச் சட்ட நூலின் மொழிபெயர்ப்பைப் புரட்டியது. ஒருவருக்கு ஓர் ஆடு, அல்லது ஏழு பேருக்குச் சேர்த்து ஒரு மாடு அல்லது ஒட்டகம் என்று அதில் இருந்தது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இடையே தேர்வு இருக்கிறதென்றால் மாடு கட்டாயமாக இருக்க முடியாது, கட்டாயமில்லாதது இன்றியமையாததும் ஆகாது என்று முடிந்தது. இந்தத் தர்க்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மதத்துக்குள்ளேயே மாற்று வழி ஒன்று இருந்தால், கேட்ட வழி தோற்றுவிடும்.

இரண்டாவது பள்ளம் காலம். ஆனந்தமார்க்கத்தார் கல்கத்தா வீதிகளில் கத்தி, திரிசூலம், மண்டையோடு, உயிருள்ள பாம்பு ஆகியவற்றோடு தாண்டவம் ஆடி ஊர்வலம் போக அனுமதி கேட்டார்கள். 1983இல் உச்ச நீதிமன்றம் கணக்குப் போட்டுப் பார்த்தது. அமைப்பு தொடங்கியது 1955இல், தாண்டவம் நுழைந்தது 1966இல். அது இல்லாமலே பதினோரு ஆண்டு அந்த மார்க்கம் இருந்திருக்கிறது, ஆகவே பொது வீதியில் தாண்டவம் இன்றியமையாதது அன்று. தோற்ற பிறகு மார்க்கத்தின் நூலிலேயே தாண்டவம் கட்டாயம் என்று சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். 2004இல் இரண்டு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. பிற்பாடு திருத்தி எழுதியதால் ஒரு வழக்கம் மதத்தின் மையமாகிவிடாது என்றார்கள். நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் மட்டும் மாறுபட்டார்.

இப்போது முளைப்பாரிக்கு வருவோம். அதை ஆகமம் விதித்தது என்று காட்ட முடியாது. அது ஊர் வழக்கு. இதே கடற்கரையில் முளைப்பாரி எடுக்காத அம்மன் கோயில்களும் உண்டு. கடலில் கரைக்கிற ஊருக்குப் பக்கத்திலேயே ஊருணியிலும் கண்மாயிலும் கரைக்கிற ஊர் இருக்கிறது. குரேஷி தர்க்கத்தைக் கொண்டுவந்து வைத்தால் மனு அங்கேயே சாய்ந்துவிடும். ஏட்டில் இல்லாமல் பெண்களின் கைவழியாகவே தலைமுறை தாண்டி வந்த வழிபாடுகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனையில் இதே கதிதான். நூல் உள்ள மதத்தை அளக்கச் செய்த படியைக் கொண்டு ஊர்த்தெய்வத்தை அளந்தால் அளவு எப்போதும் குறைவாகவே காட்டும். இது அந்தச் சோதனையின் ஆழமான குறை.

நல்ல வேளையாக, தெருவில் நடந்து போக இந்தச் சோதனையில் தேறத் தேவையே இல்லை.

பொதுத் தெருவில் ஊர்வலம் போகும் உரிமை அரசியல் சாசனத்துக்கும் மூத்தது. 1883இல் சென்னை உயர் நீதிமன்றம் சுந்தரம் செட்டி வழக்கில் அதை ஏற்றது. 1924இல் மன்சூர் ஹசன் வழக்கில் இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் உறுதியாகச் சொன்னது: ஒரு சமயத்தார் தமக்குரிய சடங்குகளோடு பொதுச் சாலையில் ஊர்வலம் போகலாம், மாஜிஸ்திரேட்டின் முறையான உத்தரவுகளுக்கும், மற்ற மக்கள் அந்தச் சாலையைப் பயன்படுத்தும் உரிமைக்கும் அது கட்டுப்பட்டது. அங்கே ஊர்வலம் போனவர்கள் முஸ்லிம்கள், அதிலும் ஒரு பிரிவினர் இன்னொரு பிரிவினரின் எதிர்ப்பைச் சந்தித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றமும் அதே வழியில் போயிற்று. இந்த உரிமைக்கு யாரும் "இது என் மதத்தின் உயிர்" என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தெரு எல்லோருடையது என்பதே அதன் அடிப்படை.

இதோடு 19ஆவது பிரிவும் சேர்கிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவதும் நாட்டில் எங்கும் நடமாடுவதும் குடிமக்களின் உரிமை. அதைக் கட்டுப்படுத்தும்போது கட்டுப்பாடு நியாயமானது என்று காட்டும் சுமை அரசின் மேல் விழுகிறது. 25ஆவது பிரிவை மட்டும் பிடித்துக்கொண்ட மனுதாரர் தன் மதத்தை நிரூபிக்க வேண்டும். 19ஐயும் தெரு உரிமையையும் முன்னே வைத்தவருக்கு எதிரே, காவல்துறை தன் உத்தரவை நியாயப்படுத்த வேண்டும். மனுவின் வரிசை மாறினால் சுமை யார் தோளில் என்பது மாறிவிடுகிறது.

கர்நாடகத்து ஹிஜாப் வழக்கில் நடந்ததும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. 2022 மார்ச்சில் அந்த உயர் நீதிமன்றம், ஹிஜாப் இன்றியமையாத வழக்கம் இல்லை என்று சொல்லி மாணவியரின் மனுக்களைத் தள்ளியது. அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். அவர்களில் நீதிபதி சுதான்ஷு துலியா, இந்த வழக்குக்கு இன்றியமையாமைச் சோதனைக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை, உயர் நீதிமன்றம் தவறான பாதையில் இறங்கிவிட்டது என்று எழுதினார். சோதனையையே மறுபரிசீலனை செய்யும் கேள்வி, சபரிமலைச் சீராய்வு மனுக்களின் தொடர்ச்சியாக 2019 நவம்பரில் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டு, ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதற்காக அமைக்கப்பட்டது.

அப்படியானால் காவல்துறையின் அந்த ஒரு வரிக்கு என்ன மதிப்பு?

அந்த வரியில் உள்ள சொல் 'சட்டம் ஒழுங்கு'. 25ஆவது பிரிவில் உள்ள சொல் 'பொது ஒழுங்கு'. பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றுதான், நீதிமன்றத்தில் ஒன்றில்லை. 1965இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி இதாயத்துல்லா மூன்று வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்து காட்டினார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. இரண்டு பேர் தெருவில் அடித்துக்கொண்டால் சட்டம் ஒழுங்கு கெடுகிறது, பொது ஒழுங்கு கெட்டுவிடவில்லை. அந்த இருவரும் வெவ்வேறு சமூகத்தாராக இருந்து, அந்த அடியால் ஊரே பதறிக் கடைகளை அடைக்கிற நிலை வந்தால் அது பொது ஒழுங்கைத் தொடுகிறது. செயல் ஒன்றேதான், ஊரின் அன்றாட வாழ்க்கை எவ்வளவு தூரம் குலைகிறது என்பதில்தான் வேறுபாடு. நம் கற்பனை ஊரில் போன ஆண்டுத் தள்ளுமுள்ளு எந்த வட்டத்தில் விழுகிறது? கடைகள் மறுநாள் திறந்தனவா, பள்ளிக்கூடம் நடந்ததா, படகுகள் கடலுக்குப் போயினவா, இரண்டு தெருக்காரரும் பழையபடி ஒரே ஏலக்கூடத்தில் மீன் விற்றார்களா? மனுவில் எழுத வேண்டியவை இந்த விவரங்கள்தாம்.

அடுத்து, அச்சம் யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சட்டப்படி நடப்பவரை, எதிர்ப்பவர் கலகம் செய்வார் என்று சொல்லித் தடுப்பது எளிது. 1989இல் ஒரு தமிழ்த் திரைப்படம் தொடர்பான ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. ஆர்ப்பாட்டமும் வன்முறையும் வரும் என்ற மிரட்டலுக்காக ஒரு சுதந்திரத்தை அடக்கக் கூடாது, அடக்கினால் சட்டத்தின் ஆட்சியை மிரட்டலிடம் ஒப்படைத்ததாகும் என்றது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போல, ஆபத்து அந்தச் செயலோடு நேராக ஒட்டியிருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். பேச்சுச் சுதந்திர வழக்கு என்றாலும் ஊர்வல வழக்குகளில் இதை எடுத்துச் சொல்வதுண்டு.

நம் பக்கத்தில் இதை நேராகத் தொட்டது பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் கோயில் ஊர்வலம் பற்றிய சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பு. ஒரு சமயத்தார் அதிகம் வாழும் தெரு என்பதால் மற்றச் சமயத்தாரின் ஊர்வலம் அதில் வரக் கூடாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வாதத்தை ஏற்றால், நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையோர் எந்த விழாவும் ஊர்வலமும் நடத்தவே முடியாமல் போகும் என்று திருப்பிக் காட்டியது. அந்த ஒரு வாக்கியம் சந்தனக்கூட்டுக்கும் காவல், முளைப்பாரிக்கும் காவல். இன்று ஒரு தெருவை அடைக்கச் சொல்பவர், நாளை வேறொரு தெருவில் தான் நிற்கப்போகும் இடத்தையும் சேர்த்தே அடைக்கிறார்.

மறுப்புத் தாளையே இப்போது உற்றுப் பார்க்க வேண்டும். யார் கையெழுத்து, எந்தச் சட்டப் பிரிவு, என்ன காரணம், எத்தனை நாள்? நிலைய ஆய்வாளர் தரும் மறுப்பு வேறு, தடை உத்தரவு வேறு. மக்கள் இன்றும் '144' என்று சொல்வது 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவாகிவிட்டது. அந்த உத்தரவை ஆட்சியரோ அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரோதான் போட முடியும். எழுத்தில் இருக்க வேண்டும், எந்த உண்மைகளை வைத்துப் போடப்பட்டது என்பதும் அதில் இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் அது நிற்காது, மாநில அரசு நீட்டித்தால் மட்டும் மேலும் ஆறு மாதம் வரை போகலாம். பாதிக்கப்பட்டவர் அதை ரத்து செய்யவோ மாற்றவோ அதே அதிகாரியிடம் மனுச் செய்யலாம், அவரை விரைவில் நேரில் கேட்க வேண்டும். ஆனந்தமார்க்க வழக்கில் தாண்டவம் தோற்றது உண்மை. ஆனால் அதே 1983 தீர்ப்பு, இரண்டு மாதம் முடிய முடிய அதே தடையைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போவதற்கு இந்தப் பிரிவு இடம் தரவில்லை என்றும் சொன்னது. 2020இல் அனுராதா பசீன் வழக்கும் இதையே வலியுறுத்தியது. ஆண்டுதோறும் தேதி மட்டும் மாறி அதே வாசகத்தில் தடை வருகிற ஊர்களில் இந்த வரிதான் முதல் ஆயுதம்.

சரி, மனு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனால் என்ன நடக்கும்? நல்ல அமர்வு 'ஊர்வலம்' என்ற முழு மூட்டையை அவிழ்த்துத் தனித்தனியாகப் பார்க்கும். முளைப்பாரியை நீர்நிலைக்குக் கொண்டுபோவது ஒன்று. கடைத்தெரு வழி என்பது இன்னொன்று. மாலை ஆறு மணி, கொட்டு, ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாம் வேறு வேறு.

முதலாவதை யாரும் தடுக்க முடியாது. தெருவில் உரிமை உண்டு, ஆனால் வழியை முறைப்படுத்தும் அதிகாரமும் உண்டு. மாற்று வழியும் கடலுக்கே போய்ச் சேர்கிறது என்றால், வழிபாட்டின் மையம் கெடவில்லை என்று அரசுத் தரப்பு வாதிடும். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது. அதற்குப் பதில், மாற்று வழியின் நிலையைக் காட்டுவதுதான். இரண்டு கிலோமீட்டர் கிழக்குக் கடற்கரைச் சாலையில், லாரிகளுக்கு நடுவே, இருட்டில், தலையில் மண்சட்டியோடு பெண்கள் நடக்க வேண்டும் என்றால், ஆபத்தைத் தவிர்க்கப் போட்ட உத்தரவு வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடுகிறது என்று வரைபடத்தோடு காட்டலாம். நேரம் பேசித் தீரக்கூடியது. மஃரிப் தொழுகை முடிய இருபது நிமிடம் ஆகலாம். ஆறு மணிக்குப் பதில் ஏழு மணிக்குக் கிளம்பி, இஷா தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசலைக் கடந்துவிடலாம். பள்ளிவாசலுக்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட தூரத்துக்குக் கொட்டை நிறுத்திக் குலவையோடு மட்டும் போகச் சொல்லும் நிபந்தனை மரபுக்குப் புதிதில்லை.

ஸ்பீக்கர் பாக்ஸ் மட்டும் எந்தச் சோதனையிலும் தேறாது. 2000ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து போன ஒரு தேவாலய வழக்கில், மற்றவரின் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியிலோ மேளத்திலோ பிரார்த்தனை செய்ய எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. அதே ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி எழுத்து அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. இந்த வரம்பு பாங்குக்கும் பொருந்தும், திருப்பலிக்கும் பொருந்தும், அம்மன் பாட்டுக்கும் பொருந்தும். பாக்ஸை மனுவிலேயே விட்டுக்கொடுத்துவிடும் கோயில் நிர்வாகம் மற்றதைப் பெறும் வாய்ப்பு அதிகம். போன ஆண்டுச் சண்டையும் முளைப்பாரியால் வரவில்லை, அந்த வண்டியால் வந்தது.

பொது ஒழுங்கை அடுத்து 25ஆவது பிரிவில் நிற்கும் சொற்களில் 'பொதுச் சுகாதாரம்' என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. இந்த இராமநாதபுரம் மாவட்டம் அதைப் பேசாமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில், தர்கா நிழலில் நடந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் கூரை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைத்திருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலியால் பிணைப்பது சட்டவிரோதம், மனநோயாளிகளைக் கோயில், தர்கா போன்ற இடங்களுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று மக்களிடம் பரப்புரை செய்ய அரசுகளுக்கு உத்தரவிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. இங்கே யாரும் "சங்கிலி எங்கள் மார்க்கத்துக்கு இன்றியமையாததா?" என்று விசாரிக்கத் தேவைப்படவில்லை. தர்காவில் தங்கிப் பிரார்த்திப்பது நம்பிக்கை, அதைச் சட்டம் தொடவில்லை. காலில் இரும்பு பூட்டுவது உடம்பின் மேல் செய்யும் செயல், அதைச் சட்டம் நேராகத் தடுக்கிறது. பின்னாளில் தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர் வந்து மருந்து கொடுக்க, துவாவும் தொடர்கிற தவா–துவா ஏற்பாடு வந்தது. மத உரிமையையும் அதன் எல்லையையும் ஒரே இடத்தில் பொருந்த வைத்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தக் கரையில் இல்லை.

இன்றியமையாமைச் சோதனையைத் தவிர்க்கவே முடியாத இடமும் உண்டு. ஒரு வழக்கத்தையே அடியோடு தடுக்கும் சட்டம் வந்தால், வழியும் நேரமும் பேசிப் பயனில்லை. 1950ஆம் ஆண்டின் விலங்கு, பறவைகள் பலித் தடைச் சட்டம் அப்படிப்பட்டது. ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்த அதைத் தமிழக அரசு 2003இல் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னபோது கிடாவெட்டு நடக்கும் ஊர்க்கோயில்கள் எல்லாம் திகைத்துப்போயின. 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. நீதிமன்றத்தில் முழுதாக வாதாடியிருந்தால், பொங்கல் மட்டும் வைத்து நேர்த்திக்கடன் தீர்ப்பவர்களும் இருக்கிறார்களே என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கிடாவெட்டுக்காரர்கள் மிகவும் திணறியிருப்பார்கள்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையும் பலர் 25ஆவது பிரிவோடு முடிச்சுப் போடுவார்கள். இராமேசுவரத்திலிருந்து படகில் போகிறவர்களின் பிரயாணம் நிற்பது வேறு அடித்தளத்தில். 1974 ஒப்பந்தத்தின் 5ஆவது ஷரத்து, இந்திய மீனவர்களும் யாத்ரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம், அதற்கு இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்கிறது. தீவில் இறங்கியபின் நம் அரசியல் சாசனம் கூட வராது.

கடைசியாக, கோப்பு. இந்த வழக்குகளில் வெற்றி தோல்வி பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது. "நூறு ஆண்டாக நடக்கிறது" என்று எழுதுவது சான்று ஆகாது. பழைய திருவிழா நோட்டீஸ்கள், முந்தைய ஆண்டுகளின் அனுமதிக் கடிதங்கள், மின்வாரியம் கம்பியைத் தூக்கிக் கட்டக் கட்டிய ரசீது, ஊர்க்கணக்கு நோட்டில் கொட்டுக்காரர்களுக்குக் கொடுத்த கூலி வரி ஆகியவையே சான்று. வழியைத் தெருப் பெயரோடும் மீட்டரோடும் வரைந்து, எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடப்போம் என்று குறித்த ஒரு பக்கத் தாள், பத்துப் பக்க வாதத்தைவிட அதிகம் வேலை செய்யும். முளைப்பாரியை முளையிட்டு வளர்த்த மூத்த பெண்களின் பிரமாண வாக்குமூலம் இருந்தால் இன்னும் நல்லது. குரேஷி வழக்கில் இல்லாமல் போனது அப்படி ஒன்றுதான்.

வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ கூட்டும் சமாதானக் கூட்டத்தில் மிகுந்த கவனம் வேண்டும். அங்கே போடும் கையெழுத்து பின்னால் நீதிமன்றத்தில் முதல் ஆவணமாக வந்து நிற்கும். "இந்த ஆண்டு மட்டும்" என்று வாயால் சொல்லிவிட்டு, அந்தச் சொற்கள் இல்லாத தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட ஊர், அடுத்த ஆண்டு அந்தத் தெருவை இழந்திருக்கும். தீர்மானத்தின் நகலைக் கூட்டம் முடிந்த கையோடு வாங்க வேண்டும், உடன்படாத வரிக்கு எதிரே "ஆட்சேபணையுடன்" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

விண்ணப்பத்தை விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஆய்வாளருக்கும் துணைக் கண்காணிப்பாளருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கிவிட வேண்டும். முத்திரை போட மறுத்தால் ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். வாய்மொழி மறுப்பை எதிர்த்து வழக்குப் போடுவது காற்றோடு வழக்காடுவது போல. பத்து நாளில் பதில் இல்லாவிட்டால், பதில் தரவில்லை என்பதையே காரணமாக வைத்து மதுரைக்குப் போகலாம். காப்புக் கட்டிய பிறகு ஓடினால், எதிர்த் தரப்பைக் கேட்க நேரமில்லாத நிலையில், பரிசீலித்து முடிவெடுக்கும்படி அதிகாரிக்கே திருப்பி அனுப்பும் உத்தரவுதான் பெரும்பாலும் கிடைக்கும். அதற்குள் முளைப்பாரி வாடிவிடும்.

உத்தரவு கிடைத்தால் அதிலுள்ள நிபந்தனைகளைத் தமிழில் எழுதி, கொட்டுக்காரர்கள் முதல் வண்டி ஓட்டுபவர் வரை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். ஏழரை மணிக்குப் பள்ளிவாசலைக் கடக்க வேண்டும் என்று இருந்தால், அந்த இடத்தில் கடிகாரத்தோடு ஊர்ப் பெரியவர் ஒருவரும் ஜமாஅத்திலிருந்து ஒருவரும் நிற்க ஏற்பாடு செய்ய வேண்டும். கடந்த நேரத்தை இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அடுத்த ஆண்டு விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய முதல் ஆவணம் அன்றைக்கே தயாராகிவிடும்.